பொண்ட் விலையும் பங்கு விலையும்: ஒரு கேள்வியை முதல்ல இருந்து கடைசி மட்டும் செய்து பாப்பம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில எங்கட வீட்டு விறாந்தையில நாலைஞ்சு பேர் வந்திருந்து நிதி முகாமைக் கணக்குச் செய்யிறவை. ரெண்டு வருசமா இந்தப் பொண்ட், பங்கு விலைக் கேள்வியில அவை எங்க தடக்குப்படினம் எண்டு பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு வாறன். சூத்திரம் தெரியாமப் பிழை விடுற ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை, எல்லாருக்கும் சூத்திரம் பாடம். கேள்வியில கிடக்கிற எண்ணை சூத்திரத்தின்ர எந்த இடத்தில கொண்டுபோய்ப் போடுறது எண்டதிலதான் முழுப் பிழையும் வருகுது.

அதால ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுக்கப்போறன். எண்கள் நான் போட்டது, ஆனா சோதினையில வாற அமைப்பு இதுதான்.

பகுதி அ: ஒரு கம்பனியின்ர தொகுதிக்கடன், அதாவது பொண்ட், முகப்பெறுமதி 100 ரூபா, கூப்பன் வருசத்துக்கு 10%, ஆறு மாசத்துக்கு ஒருக்காக் குடுபடும், முதிர இன்னும் 3 வருசம், முதலீட்டாளருக்குத் தேவைப்படும் வருவாய் 12%. இண்டைக்கு விலை என்ன?

பகுதி ஆ: அதே கம்பனியின்ர சாதாரண பங்கு. இப்பதான் பங்குக்கு 4 ரூபா பங்கிலாபம் குடுத்து முடிஞ்சுது. அடுத்த 2 வருசமும் பங்கிலாபம் 12% வளரும், அதுக்குப் பிறகு என்றைக்கும் 5%. ஆபத்தற்ற வீதம் 9%, சந்தை வருவாய் 14%, பீட்டா 1.2. பங்கின்ர விலை என்ன? சந்தையில 50 ரூபாக்குப் போகுதெண்டால் வாங்கலாமோ?

## 1. கல்குலேட்டரைத் தொட முதல் கோடு போடுங்கோ

கொப்பியில குறுக்கால ஒரு கோடு கீறி, இடது பக்க முனையில 0 எண்டு போட்டு, காசு எப்ப எப்ப வருகுதோ அங்கங்க புள்ளி வையுங்கோ. பொண்டுக்கு ஆறு புள்ளி, ஏனெண்டால் மூண்டு வருசத்தில ஆறு அரையாண்டு. ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் வாற காசை எழுதுங்கோ: 5, 5, 5, 5, 5, கடைசியில 105.

இதை எல்லாரும் நேர விரயம் எண்டு விட்டுட்டுப் போவினம். ஆனா விலை எண்டு கேக்கிறது இந்தக் கோட்டில இருக்கிற காசையெல்லாம் 0க்கு இழுத்துக் கொண்டுவந்து கூட்டுறதுதான், வேற ஒண்டுமில்லை. ஏலச்சீட்டில காசு முந்தித் தேவைப்படுறவர் கழிவு கூறி எடுக்கிறார் எல்லோ, அதே கதைதான். பிந்தி வாற காசை இண்டைக்கு வேணுமெண்டால் கழிவு போகும், எவ்வளவு பிந்துதோ அவ்வளவு கூடப் போகும்.

கோட்டைத் தவிர ரெண்டு சாமான் தேவை. அடுக்குப் போடக்கூடிய கல்குலேட்டர் ஒண்டு, இல்லாட்டி இற்றைப் பெறுமதி அட்டவணை. அட்டவணையில 6% நிரல் இருக்கோ எண்டு முதலே பாத்துக்கொள்ளுங்கோ, சில அரையாண்டுக் கணக்கில 5.5% மாதிரி வரும், அது அட்டவணையில இராது, அப்ப கையாலதான் அடிக்க வேணும்.

## 2. கூப்பனுக்கு ஒரு வேலை, தேவைப்படும் வருவாய்க்கு வேற வேலை

கேள்வியில ரெண்டு வீதம் நிக்குது, 10ம் 12ம். எது எங்க போகும்?

கூப்பன் வீதம் காசு எவ்வளவு வருகுது எண்டு சொல்லும், அவ்வளவுதான். முகப்பெறுமதி 100, அதில 10%, வருசத்துக்கு 10 ரூபா. அந்த 10 ரூபா வந்த உடன கூப்பன் வீதத்தை வெட்டி விடுங்கோ, இனி அது தேவையில்லை. நான் உண்மையாகவே பென்சிலால ஒரு கோடு கீறி வெட்டச் சொல்லுறனான், ஏனெண்டால் அது கண்ணுக்கு முன்னால கிடந்தால் கை தானாப் போய் அதாலயே கழிக்கும்.

தேவைப்படும் வருவாய் கழிக்கிறதுக்கு மட்டும். 12% எண்டு கண்டுபோட்டு கூப்பனை 12 ரூபா எண்டு எழுதாதேங்கோ.

இதுக்குள்ள ஒரு சின்னக் கண்ணி இருக்கு. சில கேள்வியில "5% மிகையில் மீட்கப்படும்" எண்டு வரும். அப்ப கடைசியில வாற முதல் 105, ஆனா கூப்பன் அப்பவும் 100இலதான், 105இல இல்லை. அதே மாதிரி "தற்போது 97க்கு விற்கப்படுகிறது" எண்டு எழுதியிருந்தாலும் கூப்பன் 97இல போடுறதில்லை. கூப்பன் எப்பவும் முகப்பெறுமதியோட ஒட்டினது.

## 3. அரையாண்டு எண்டால் மூண்டையும் மாத்துங்கோ, ரெண்டை மாத்திப்போட்டு நிக்காதேங்கோ

அரையாண்டுக்கு மாத்தேக்க மூண்டு எண் மாறும். கூப்பன் 10 எண்டது 5. காலம் 3 எண்டது 6. வீதம் 12% எண்டது 6%.

போன மாசம் ஒரு தங்கச்சி 71.22 எண்டு விடை கொண்டுவந்தா. "எங்கயக்கா பிழை, மூண்டு தரம் அடிச்சுப் பாத்திட்டன், அதேதான் வருகுது" எண்டு அழாக்குறை. பாத்தால் கூப்பன் 5, காலம் 6 ரெண்டும் சரி, வீதம் மட்டும் 12%லயே நிக்குது. ஆறு மாசத்துக்கு 12% கழிச்சால் வருசத்துக்கு 24 வீதத்துக்கும் மேல கழிச்ச மாதிரி, விலை பாதாளத்துக்குப் போகாமல் என்ன செய்யும். கல்குலேட்டரைத் திருப்பித் திருப்பி அடிச்சால் இந்தப் பிழை பிடிபடாது, அது குடுத்த எண்ணைத்தானே கூட்டும்.

வீதத்தைச் சும்மா ரெண்டால பிரிக்கலாமோ எண்டு ஒவ்வொரு முறையும் ஆரோ ஒருத்தர் கேப்பினம், நல்ல கேள்வி. பொண்டில அதுதான் வழக்கம், வருச வீதம் எண்டு சொல்லுறது அரையாண்டு வீதத்தின்ர ரெண்டு மடங்கு எண்ட கணக்கில. ஆனா கேள்வியில "பயனுறு வருட வீதம் 12%" எண்டு சொல்லியிருந்தால் பிரிக்கக் கூடாது, 1.12இன்ர வர்க்கமூலம் எடுத்து 1ஐக் கழிச்சு 5.83% எண்டு வரும், அதாலதான் கழிக்க வேணும், விலையும் 95.90 ஆகும். கேள்வியில ஒண்டும் சொல்லாட்டி ரெண்டால பிரிச்சுப்போட்டு அப்படித்தான் செய்தனான் எண்டு ஒரு வரி எழுதிவிடுங்கோ.

## 4. இப்ப அடியுங்கோ

```
P = C × [1 − (1 + r)^−n] / r + F × (1 + r)^−n
P = 5 × 4.9173 + 100 × 0.7050
P = 24.59 + 70.50 = 95.08
```

C கூப்பன், r அரையாண்டு வீதம், n எத்தினை அரையாண்டு எண்டது, F முகப்பெறுமதி. முதல் துண்டு ஆறு கூப்பனும் சேர்ந்து இண்டைக்கு என்ன பெறுமதி எண்டு சொல்லுது, ரெண்டாவது துண்டு கடைசியில வாற 100 ரூபா. கோட்டில ஆறாவது புள்ளியில 105 எண்டு போட்டனாங்கள், அதில 5 முதல் துண்டுக்குள்ள போயிட்டுது, 100 மட்டும் ரெண்டாவதுக்கு. சிலபேர் ரெண்டாவதில 105 எண்டு போட்டு கடைசிக் கூப்பனை ரெண்டு தரம் எண்ணிவிடுவினம்.

கழிவுக் காரணியை முதல்ல தனியா எடுத்து வையுங்கோ, அதே 0.7050 முதல் துண்டுக்குள்ளயும் தேவை. இடையில ரெண்டு தசமத்துக்கு வெட்டாதேங்கோ, 0.70 எண்டு எடுத்தால் 100ஆல பெருக்கேக்க அரை ரூபா பறந்திடும். மேல கூட்டிப் பாத்தால் 95.09 வரும், நான் 95.08 எண்டு எழுதியிருக்கிறன், அது கல்குலேட்டரில முழுசா வைச்சிருந்து கடைசியில மட்டும் வெட்டினதால. அந்த ஒரு சத வித்தியாசத்துக்கு ஒருத்தரும் மார்க்ஸ் வெட்டாயினம், பயப்பிடத் தேவையில்லை.

## 5. விடை சரியோ எண்டு பாக்க அரை நிமிசம் காணும்

எனக்கு இந்த முழுக் கணக்கிலயும் பிடிச்ச இடம் இது.

முதல்ல திசையைப் பாருங்கோ. கூப்பன் 10, முதலீட்டாளர் கேக்கிறது 12. கேக்கிறதைவிடக் குறையக் குடுக்கிற பொண்டை ஆர் 100 குடுத்து வாங்குவினம்? அப்ப விலை 100க்குக் கீழ வர வேணும். மேல வந்தால் எங்கயோ வீதத்தை மாறிப் போட்டிட்டியள்.

பிறகு அளவு. ஒவ்வொரு ஆறு மாசமும் முதலீட்டாளர் 6 ரூபா கேக்கிறார், வாறது 5. ஒரு ரூபா குறையுது. அப்பிடி ஆறு தரம். அந்த ஆறு ஒரு ரூபாயையும் இண்டைக்குக் கொண்டுவந்தால் 4.92, அதை 100இல கழிச்சுவிடுங்கோ.

```
P = 100 + (5 − 6) × 4.9173 = 95.08
```

அதே விடை, வேற வழியால. சும்மா மனசுக்குள்ளயே பாக்கலாம், கழிக்காம எடுத்தாலும் மொத்தக் குறை 6 ரூபா, அப்ப விலை 94க்குக் கீழ போகவே ஏலாது. தங்கச்சியின்ர 71.22ஐ இப்ப பாருங்கோ. ஆறு ரூபா குறைக்கு 29 ரூபா விலையால வெட்டியிருக்கு. அந்த ஒரு பார்வை காணும், மூண்டு தரம் அடிச்சுப் பாக்கத் தேவையில்லை.

இது முகப்பெறுமதியிலேயே மீட்கிற பொண்டுக்கு மட்டும். மிகையில மீட்டால் அந்த மேலதிக 5 ரூபாயின்ர இற்றைப் பெறுமதி 3.52ஐயும் கூட்ட வேணும், 98.61 வரும். இன்னொண்டு, இதெல்லாம் கூப்பன் குடுத்த கையோட நிக்கிற நாளுக்கான விலை. ரெண்டு கூப்பனுக்கு நடுவில வாங்கினால் அதுவரைக்கும் சேர்ந்த வட்டியையும் வித்தவருக்குக் குடுக்க வேணும், அது வேற கேள்வி.

## 6. பங்குக்குப் போக முதல் r ஐக் கட்டி எடுங்கோ

பங்குக் கேள்வியில தேவைப்படும் வருவாயை நேர குடுக்காமல் பீட்டாவைக் குடுத்து எங்களைக் கண்டுபிடிக்க விடுவினம்.

```
r = 9 + 1.2 × (14 − 9) = 15%
```

14 எண்டது முழுச் சந்தை வருவாய், அதில இருந்து ஆபத்தற்ற 9ஐக் கழிச்சுத்தான் பீட்டாவால பெருக்கிறது. ஆனா கேள்வியில "சந்தை ஆபத்து மிகை 5%" எண்டு வந்தால் அது ஏற்கனவே கழிச்ச எண், திருப்பிக் கழிக்காதேங்கோ. ஒரு சொல்லில இருக்கு வித்தியாசம்.

பகுதி அவில வந்த 12%ஐ இங்க தூக்கிக்கொண்டு வரவும் கூடாது. அது கடன் குடுத்தவர் கேக்கிற வருவாய். பங்குக்காரர் கடன்காரருக்குப் பிறகுதான் கைநீட்டுறவர், அதால அவர் கூடத்தான் கேப்பார்.

## 7. குடுத்த பங்கிலாபமோ, வரப்போற பங்கிலாபமோ

ரெண்டு கட்ட வளர்ச்சிக்குப் போக முதல் ஒரு கட்டத்தைச் சரியா விளங்கிக்கொள்ளுவம். ஒரு பேச்சுக்கு முதல் நாளில இருந்தே வளர்ச்சி 5% எண்டு வையுங்கோ.

```
P0 = D1 / (r − g)
```

g எண்டது வளர்ச்சி வீதம். மேல நிக்கிறது D1, அதாவது இண்டையில இருந்து ஒரு வருசத்தில வாற பங்கிலாபம். கேள்வியில "இப்பொழுதுதான் செலுத்தப்பட்டது", "கடந்த ஆண்டு செலுத்தியது" எண்டால் அது D0, ஒருக்கா வளர்க்க வேணும்: 4 × 1.05 = 4.20, விலை 4.20ஐ 0.10ஆல பிரிக்க 42 ரூபா. "அடுத்த ஆண்டில் எதிர்பார்க்கப்படும் பங்கிலாபம் 4 ரூபா" எண்டால் அது ஏற்கனவே D1, வளர்க்காமல் அப்பிடியே போட வேணும், 40 ரூபா. எதிர்பார்க்கப்படும் எண்ட சொல்லைக் கண்டும் வளர்க்கிறவைதான் கனபேர். சூத்திரத்தை மேல (1 + g) சேர்த்தே பாடமாக்கி வைச்சிருக்கிறதால வாற வினை.

குடுத்த பங்கிலாபத்தை ஏன் விலைக்குள்ள சேர்க்கிறதில்லை? கோட்டைப் பாருங்கோ, அது 0இல வெளிய போயிட்டுது, இண்டைக்கு வாங்கிறவருக்கு அது கிடையாது. பங்கிலாபம் குடுக்க முதல் நாள் வாங்கினால் கிடைக்கும், அப்ப விலை 42ஓட 4ஐயும் சேர்த்து 46.

பிறகு g எப்பவும் r ஐ விடக் குறைய இருக்க வேணும். ஒரு தம்பி r 15%, g 16% எண்டு போட்டு, பங்கின்ர விலை மறை 464 ரூபா எண்டு எழுதி கீழ ரெண்டு கோடும் அடிச்சு வைச்சிருந்தார். பங்கை வாங்கினால் கம்பனி எங்களுக்கு 464 ரூபா தருமோ எண்டு கேட்டன், அவரே சிரிச்சிட்டார். g கூட வந்தால் அந்த வளர்ச்சி என்றைக்கும் நிக்கிறதில்லை, சில வருசத்துக்கு மட்டும் எண்டு அர்த்தம், அப்ப இந்தச் சூத்திரத்தை உடன பாவிக்க ஏலாது. அதுக்குத்தான் அடுத்த படி.

## 8. ரெண்டு கட்ட வளர்ச்சி: சூத்திரம் எந்தப் புள்ளியில நிக்குது எண்டதைப் பாருங்கோ

முதல்ல பங்கிலாபங்களை ஒண்டொண்டா எழுதுங்கோ, வளர்ச்சி மாறி ஒரு வருசம் தாண்டும் மட்டும்.

```
D1 = 4.00 × 1.12 = 4.48
D2 = 4.48 × 1.12 = 5.0176
D3 = 5.0176 × 1.05 = 5.26848
```

D3இல இருந்து 5% தான் என்றைக்கும், அப்ப அங்கதான் சூத்திரத்தைப் பாவிக்கலாம்: 5.26848ஐ 0.10ஆல பிரிக்க 52.6848, சுருக்கினால் 52.68.

இப்ப இந்த 52.68 எந்த வருசத்துக் காசு? மேல நிக்கிறது D3 எண்டதால மூண்டாம் வருசம் எண்டு நினைச்சு மூண்டு வருசம் கழிக்கிறதுதான் இந்தக் கேள்வியில நான் கண்டதில ஆகக் கூடின பிழை. சூத்திரத்தைத் திருப்பிப் பாருங்கோ. D1ஐப் போட்டால் P0 வருகுது, ஒரு வருசம் முன்னுக்கு. அப்ப D3ஐப் போட்டால் வாறது P2. கோட்டில 52.68ஐ ரெண்டாவது புள்ளிக்கு மேல, 5.0176க்குப் பக்கத்தில எழுதுங்கோ, பிறகு மறக்க மாட்டியள்.

```
P0 = 4.48/1.15 + 5.0176/1.15^2 + 52.6848/1.15^2
P0 = 3.90 + 3.79 + 39.84 = 47.53
```

மூண்டு வருசம் கழிச்சவருக்கு 42.33 வரும். பொண்டில மாதிரி இது பாத்த உடன பிழை எண்டு தெரியாது, அதுதான் இதின்ர கரைச்சல்.

## 9. பின்னால இருந்து நடந்து வாங்கோ

பங்குக்கு நான் சரிபாக்கிறது இப்பிடி. ரெண்டாம் வருசக் கடைசியில நிண்டு பாத்தால் கையில 5.0176 பங்கிலாபமும் 52.68 பெறுமதியான பங்கும் இருக்கு. அதை ஒரு வருசம் பின்னுக்குக் கொண்டு போங்கோ, அங்க வந்த 4.48ஐச் சேருங்கோ, இன்னும் ஒரு வருசம் பின்னுக்கு.

```
P1 = (5.0176 + 52.68) / 1.15 = 50.17
P0 = (4.48 + 50.17) / 1.15 = 47.52
```

ஒரு சதம் வெட்டுப்பட்டதில போனது, விடை பொருந்துது. இதில அடுக்கே இல்லை, ஒவ்வொரு தரமும் ஒரு வருசம்தான் நடக்கிறியள், அதால வருசத்தை எண்ணுறதில பிழை விட ஏலாது. 42.33 எண்டு எடுத்தவர் இந்த வழியால வந்தால் உடன பிடிபடும். உண்மையைச் சொன்னால் ரெண்டு மூண்டு வருசம்தான் எண்டால் நான் முதலே இந்த வழியாலதான் செய்யிறனான்.

## 10. 50 ரூபாக்கு வாங்கலாமோ

எங்கட கணக்குப்படி 47.53, சந்தையில 50. பெறுமதியைவிட விலை கூட, அப்ப வாங்கிறதில்லை. இதை மாறி எழுதுறவையும் இருக்கினம், "சந்தை விலை கூட, அதனால் நல்ல பங்கு" எண்டு. கடையில 47 ரூபா பெறுமதியான சாமானை 50 சொன்னால் வாங்குவீரோ எண்டு கேட்டால் விளங்கீடும்.

நாலு மார்க்ஸுக்கு கருத்துரை கேட்டிருந்தால் ஒரு வரியோட நிக்காமல் 39.84 எங்க இருந்து வருகுது எண்டு பாருங்கோ. 47.53இல அந்தளவும் ரெண்டாம் வருசத்துக்குப் பிறகு வாற காசு, அது முழுக்க என்றைக்கும் 5% எண்ட ஒரு அனுமானத்தில நிக்குது. அந்த 5ஐ 6 ஆக்கிப் பாத்தன், D3 5.3187, P2 59.10, இண்டைய விலை 52.37. இப்ப 50க்கு வாங்கலாம் எண்டு விடை மாறிப்போச்சு, ஒரு வீதத்தால.

பொண்டில அப்பிடி இல்லை. அங்க தேவைப்படும் வருவாயை 12இல இருந்து 11 ஆக்கினால் 95.08 எண்டது 97.50 ஆகும், அவ்வளவுதான், ஏனெண்டால் கூப்பனும் முதலும் முதலே எழுதிக் கையெழுத்து வைச்ச காசு, மூண்டு வருசத்தில முடிஞ்சும் போகும். பங்கில r இல இருந்து g ஐக் கழிச்ச அந்தச் சின்ன எண்ணாலதான் எல்லாத்தையும் பிரிக்கிறம், 0.10 எண்டது 0.09 ஆனாலே விலை துள்ளும். கருத்துரையில இந்த ரெண்டு எண்ணையும், 47.53ஐயும் 52.37ஐயும், பக்கத்தில பக்கத்தில எழுதிவிடுங்கோ.